கட்கொண்டியும் கதவுக் கொண்டியும்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி கையில் ஒரு தாளோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளி விழாவில் அவள் பேச வேண்டிய தலைப்பு 'சங்க இலக்கியத்தில் கொற்கை'. மதுரைக்காஞ்சியில் கொற்கை வரும் பகுதியைத் தேடி எடுத்து, தனக்குத் தெரிந்தவரை பொருள் எழுதிப் பார்த்திருக்கிறாள். எழுதியதும் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நீங்களே படிச்சுப் பாருங்க சார். நம்ம ஊரைப் பத்தி இப்படியா எழுதி வச்சிருக்காங்க? இதை நான் மேடையில வாசிச்சா மத்த பிள்ளைங்க சிரிக்காதா?"

தாளை வாங்கிப் படித்தேன். அவள் எழுதியிருந்தது இதுதான்: 'கொற்கையில் முத்துகள் விழுந்து கிடக்கும். வளையல்கள் மின்னும் பெரிய சேரி இருக்கும். கள்ளைக் கொள்ளையடித்துக் குடிப்பவர்கள் வாழும் பாக்கம் இருக்கும்.'

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாத்தா பேசவில்லை. ஆயுள் முழுக்கச் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த 1961இல் சின்னப் பையனாக அப்பாவோடு தோணியில் போனவர். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

பாட்டில் இருக்கும் சொற்களையேதான் அவள் எடுத்திருந்தாள். ஆனாலும் அவள் எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே தவறு. எப்படித் தவறு என்று பார்ப்பதுதான் இந்த வாரத்துக் கதை. பழம்பாடல் படிக்கும்போது தெரியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. தெரியாது என்பதால் அகராதியைப் புரட்டிவிடுவோம். தெரிந்ததுபோல் இருக்கும் சொல்தான் ஏமாற்றும். அதைத் தேட வேண்டும் என்றே நமக்குத் தோன்றாது.

முதலில் ஒரு சொல்லை நீரில் போடுவோம்

அவள் முகத்தை மாற்ற வேண்டி ஒரு கேள்வி கேட்டேன். "முத்துக்குளித்தல்னு சொல்றோமே, முத்துல எப்படிம்மா குளிக்கிறது?"

யோசித்தாள். தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குளிக்கிறதுன்னா முங்குறது தம்பி. கரையில நின்னு தண்ணி ஊத்திக்கிறதா குளிப்பு? நாங்க சங்கு குளிக்கப் போறோம்னா கடலுக்கு அடியில போறோம்னு அர்த்தம்."

அவர் சொன்னதுதான் அகராதியிலும் இருக்கிறது. 'குளி' என்ற சொல்லுக்கு நீராடுதல், மூழ்குதல், உள்ளே பாய்ந்து மறைதல் என்று பொருள்கள் உண்டு. அம்பு உடம்பில் பாய்ந்து மறைவதையும் குளித்தல் என்று பழைய நூல்கள் சொல்லும். ஊர்ப்பக்கம் நீராடுதல் என்ற ஒரு பொருள் மட்டும் தங்கிவிட்டது. இந்தக் கரையில் மூழ்குதல் என்ற பொருள் தொழிலோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டது. முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடம் தாண்டியும், சங்குகுளி இருப்பதால் சொல் சாகவில்லை.

"அப்படின்னா ஒரு சொல்லுக்கு நமக்குத் தெரிஞ்ச அர்த்தம் மட்டும்தான்னு நினைக்கக் கூடாது, அப்படித்தானே?" என்றாள். அதே சந்தேகத்தோடு அவள் தாளை மறுபடி பார்க்கலாம் என்றேன்.

அகராதி ஒன்று, சொல்லடைவு இன்னொன்று

தேடப் போவதற்கு முன் கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகைப் புத்தகங்கள் வேண்டும். ஒன்று, சொல்லுக்குப் பொருள் தரும் அகராதி. மற்றது, ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் எந்தெந்த அடியில் வருகிறது என்று பட்டியல் போடும் சொல்லடைவு.

அகராதியில் பெரியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939இல் ஓர் இணைப்புத் தொகுதியும் வந்தது. அதன் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் dsal.uchicago.edu தளத்தில் இந்த லெக்சிகன் முழுவதும் கிடைக்கிறது. கைப்பேசியில் தமிழிலேயே தட்டித் தேடலாம். சங்க இலக்கியத்துக்கு மட்டும் என்றே தொகுத்த தனி அகராதியும் உண்டு. சென்னைச் சாந்தி சாதனா நிறுவனம் 2001இல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட வரலாற்று முறைத் தமிழ் இலக்கியப் பேரகராதி அது. பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

சொல்லடைவு என்றால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளில் கொண்டுவந்த பழந்தமிழ்ச் சொல்லடைவைச் சொல்ல வேண்டும். அதில் கதை கிடையாது, விளக்கம் கிடையாது. சொல்லும் இடமும் மட்டும்தான். ஆனால் ஒரு பொருள் சரியா என்று சோதிக்க வேண்டுமானால், அந்தச் சொல் வேறு எங்கே எப்படி வருகிறது என்று பார்த்தாக வேண்டும். அப்போது இதை விட்டால் வழியில்லை.

இனி அவளுடைய தாளுக்கு வருவோம்.

விழுந்த முத்தா, விழுமிய முத்தா?

மதுரைக்காஞ்சியைப் பாடியவர் மாங்குடி மருதனார். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறார். 782 அடி கொண்ட இந்தப் பாட்டில் 135ஆம் அடியை ஒட்டிக் கொற்கை வருகிறது. அங்கே முத்துக்கு முன்னால் நிற்கும் சொல் 'விழு'. இவள் 'விழுந்து கிடக்கும்' என்று எழுதிவிட்டாள்.

இலக்கணப்படி அது நடக்காத காரியமில்லை. சுடுகாடு, ஊறுகாய் போல விழுமுத்து என்பதும் வினைத்தொகையாக இருக்கலாமே? ஆனால் அகராதியில் 'விழு' என்று தேடினால் இரண்டு தனித்தனிச் சொற்கள் கிடைக்கும். ஒன்று விழுதல் என்ற வினை. மற்றது சிறந்த, மேலான என்று பொருள்படும் உரிச்சொல். இன்றைக்கு நாம் விழுமியம் என்று சொல்கிறோமே, அது இந்த இரண்டாவது குடும்பம். போரில் மார்பில் பட்ட மேன்மையான காயத்தை விழுப்புண் என்பதும் இதே விழுதான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கப் பல இடங்களில் ஓர் எளிய அடையாளம் உண்டு. விழுப்புண், விழுப்பொருள் என்று உரிச்சொல்லுக்குப் பின் வல்லினம் இரட்டிக்கும். வினைத்தொகையில் இரட்டிக்காது. சுடுக்காடு என்று யாரும் எழுதுவதில்லை அல்லவா? ஆனால் நம் பாட்டில் அடுத்து வருவது முத்து. ம என்பது மெல்லினம். எந்த 'விழு'வாக இருந்தாலும் இரட்டிக்காது. எனவே இந்த அடையாளம் இங்கே உதவாது.

அப்படி ஆகும்போது சுற்றியிருக்கும் சொற்களைப் பார்க்க வேண்டும். இந்த முத்து விளைந்தது, முதிர்ந்தது என்று புலவர் முன்பே சொல்லியிருக்கிறார். சிப்பிக்குள் காலம் எடுத்து முற்றிய முத்தைப் பற்றிப் பேசுகிறவர், அது கீழே விழுந்து கிடக்கிறது என்று முடிப்பாரா? முற்றியதால் உயர்ந்த முத்து என்பதுதான் ஓட்டத்துக்குப் பொருந்துகிறது. தாத்தாவும் தலையாட்டினார். "முத்து எங்கம்மா விழுந்து கெடக்கும்? பார்ல கெடக்கற சிப்பியை ஒண்ணொண்ணா எடுத்து, அழுகப் போட்டு, கழுவித் தேடணும். நூறு சிப்பி உடைச்சாலும் ஒண்ணு தேறுமான்னு சொல்ல முடியாது." கடலுக்கு அடியில் சிப்பி படிந்திருக்கும் கல்திட்டைத்தான் இங்கே 'பார்' என்பார்கள்.

வளையல் இல்லை, சங்கு

அடுத்தது 'வளை'. பெண்கள் கையில் போடும் வளை என்று எடுத்துக்கொண்டாள். எலி வளை என்று எடுக்காமல் விட்டாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அகராதி வளைக்குச் சங்கு, வளையல், துளை என்று பல பொருள்களைத் தருகிறது. பொருள் பல இருந்தால் இரண்டு தவறுகள் நடக்கும். முதலில் இருக்கும் பொருளை எடுத்துக்கொள்வது ஒன்று. நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் சிறிய எழுத்தில் 'மதுரைக்.', 'பட்டினப்.', 'அகநா.', 'புறநா.' என்று சுருக்கமாக ஒரு நூல் பெயரும் எண்ணும் இருக்கும். அந்தப் பொருளுக்கு எந்தப் பாட்டு சாட்சி என்பதை அது சொல்கிறது. பாதிப் பேர் இதைக் கண்ணில் படாததுபோல் தாண்டிவிடுகிறார்கள். அகராதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கொற்கை வரும் மற்ற பாடல்களையும் பார்க்கலாம். அகநானூற்றின் 350ஆம் பாட்டில் பரதவர்கள் சுறாக்களை விலக்கிக் கடலில் மூழ்கி வலம்புரிச் சங்கோடு கொற்கைக்குத் திரும்புகிறார்கள். ஆக, கொற்கையில் மூழ்கி எடுத்தது முத்தை மட்டுமில்லை, சங்கையும்தான். முத்தைச் சொன்ன கையோடு புலவர் சொல்லும் வளை, அங்கே விளையும் சங்கு என்பதே பொருத்தம். நச்சினார்க்கினியர் உரையும் சங்கு குளிப்பவர்களின் குடியிருப்பு என்றே போகிறது.

சங்குக்கும் வளையலுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? அதைத் தாத்தா சொன்னார். "நாங்க எடுக்கிற சங்கெல்லாம் கல்கத்தாவுக்குப் போகும் தம்பி. அங்க அதை வட்டமா அறுத்து வளையல் பண்ணுவாங்க. கல்யாணமான பொம்பளைங்க போடுவாங்களாம்." வங்காளப் பெண்கள் இன்றும் அணியும் சங்கு வளைக்கு நம் மன்னார் வளைகுடாச் சங்கு போய்க்கொண்டிருந்தது. மூலப்பொருளும் வளை, அதில் செய்த நகையும் வளை. இவளுடைய பொருள் முழுத் தவறு இல்லை. கடலில் இருக்க வேண்டியதைக் கையில் மாட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

சேரி என்றால்?

பேத்தியின் கோபம் அதிகம் இருந்தது இந்தச் சொல்லில்தான். இன்றைக்குச் சேரி என்ற சொல்லில் எவ்வளவு இழிவைச் சுமத்தி வைத்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சுமை பாட்டில் இல்லை.

சேர் என்பதிலிருந்து வந்தது சேரி. சேர்ந்து வாழும் இடம். குறுந்தொகையில் ஒருத்தி வருந்துகிறாள். ஒரே ஊரில் இருந்தும் அவன் எங்கள் சேரிப்பக்கம் வருவதில்லை என்கிறாள். அங்கே சேரி என்பது தெரு. அது வசதியானவர் தெருவாகவும் இருக்கலாம். பிற்காலத்திலும் அப்படித்தான். குடவோலைத் தேர்தலுக்குப் பெயர்போன உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். அந்தப் பிராமணர் ஊரே பல சேரிகளாகத்தான் பிரிந்திருந்தது. ராஜராஜன் தஞ்சைக் கோயில் ஆடல் பெண்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பின் பெயர் தளிச்சேரி. புதுச்சேரி என்று சொல்லும்போது நாம் யாரும் முகம் சுளிப்பதில்லையே!

சொல்லின் பொருள் காலத்தில் கீழே இறங்குவதுண்டு. இன்றைய பொருளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய பாட்டில் வைத்தால், புலவர் சொல்லாத வசவை நாம் சொன்னதாக ஆகிவிடும். பாட்டில் இருப்பது 'பெரிய குடியிருப்பு' என்பதுதான். முன்னால் நிற்கும் 'இரும்' என்பதற்குப் பெரிய என்று பொருள்.

கட் என்றால் கள்ளா, கண்ணா?

இப்போது இந்தப் பகுதியின் கடினமான சொல்லுக்கு வந்துவிட்டோம். கட்கொண்டி. பேத்தி இதைக் 'கள்ளைக் கொள்ளையடித்து' என்று எழுதியிருந்தாள்.

முதல் வேலை சொல்லைப் பிரிப்பது. 'கட்கொண்டி' என்று அப்படியே கைப்பேசியில் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அகராதி தனித்தனிச் சொல்லைத்தான் தலைப்பாக வைக்கும், சேர்ந்து திரிந்த வடிவத்தை வைக்காது. இங்கே ட் என்பது திரிந்த எழுத்து. அதற்கு முன் எது இருந்தது? பள்ளிக்கூட இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். ள் என்பதும் வல்லினத்துக்கு முன் ட் ஆகும், ண் என்பதும் ட் ஆகும். கண்ணாலே கேட்பதாக நம்பப்பட்ட பாம்பைக் கட்செவி என்கிறோம், அது கண் + செவி. அதனால் கட்கொண்டி என்பது கள் + கொண்டியாகவும் இருக்கலாம், கண் + கொண்டியாகவும் இருக்கலாம். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தள்ள வேண்டும். கண்ணும் கொண்டியும் சேர்ந்து இங்கே எந்தப் பொருளும் தரவில்லை. கள் என்றால் தருகிறது. பிரித்தவரை பேத்தி சரி.

இனி கொண்டி. இன்றைக்கு நமக்குத் தெரிந்தது கதவுக் கொண்டி. ஊர்ப்பக்கம் கட்டுக்கு அடங்காமல் அடுத்தவர் வயலில் மேயும் மாட்டைக் கொண்டி மாடு என்பார்கள். அகராதியைத் திறந்தால் கொள்ளைப் பொருள், உணவு, சிறைபிடிக்கப்பட்ட பெண், பரத்தை என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதது போன்ற பொருள்கள் வரிசையாக நிற்கும். படித்ததும் தலை சுற்றும்.

சுற்ற விட வேண்டாம். கொள் என்ற வேரைப் பிடியுங்கள். கொண்டது கொண்டி. பகைவர் நாட்டில் புகுந்து கொண்டது கொள்ளைப் பொருள். போரில் கொண்டுவந்தவர் சிறைப்பட்டவர். வாய்க்குள் கொண்டது உணவு. உட்கொள்வது என்று இன்றும் சொல்கிறோமே! ஆணின் பொருளைக் கொள்பவள் என்று பரத்தைக்கும் அந்தப் பெயர் வந்தது. வேர் ஒன்று. கிளை எது என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல் தீர்மானிக்கிறது.

இதற்கு நல்ல சோதனை சொல்லடைவில் இருக்கிறது. 'கொண்டி மகளிர்' என்ற தொடர் இரண்டு பாடல்களில் வருகிறது. பட்டினப்பாலையில் அவர்கள் பகைவர் நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவந்த பெண்கள். நீராடிவிட்டு, அந்தி நேரத்தில் பொதுவிடத்தில் விளக்கேற்றுகிறார்கள். மதுரைக்காஞ்சியிலேயே மதுரை நகரின் இரவைச் சொல்லும் இடத்தில் அதே தொடர் வருகிறது. அங்கே அவர்கள் பரத்தையர். தொடர் ஒன்றாகவே இருந்தும் பொருள் மாறுகிறது. அதிலும் நம் கொற்கைப் பகுதியும் இதே மதுரைக்காஞ்சிதான். அதனால் 'ஒரே நூலில் ஒரே பொருள்' என்று கண்ணை மூடிக்கொண்டு போகவும் முடியாது.

இங்கே ஒரு பெரிய பள்ளம் உண்டு. படித்தவர்களும் விழக்கூடிய பள்ளம். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற பழைய நூலில், கொல்கி என்ற இடத்தில் முத்துக்குளிப்பு நடக்கிறது, அதில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்படுகிறார்கள் என்று வருகிறது. கொல்கி என்பது கொற்கைதான் என்பது அறிஞர்கள் ஒப்பிய செய்தி. இதைப் படித்துவிட்டு அகராதியைத் திறக்கிறோம். கொண்டிக்குச் சிறைப்பட்டவர் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. ஆகா, மதுரைக்காஞ்சியும் கொற்கைக் கைதிகளைத்தான் சொல்கிறது என்று கைதட்டத் தோன்றும்.

தட்டாதீர்கள். சிறைப்பட்டவர் என்ற பொருள் வருவது கொண்டியோடு மகளிர் சேரும்போது. இங்கே கொண்டி சேர்ந்திருப்பது கள்ளோடு. 'கள்ளாகிய கைதி' என்று ஒரு பொருள் உண்டா? 'கள்ளாகிய கொள்ளை' என்பதும் ஒட்டவில்லை. 'கள்ளாகிய உணவு' என்பது மட்டுமே தடையில்லாமல் நிற்கிறது. நச்சினார்க்கினியரும் உணவு என்றே எடுத்துக்கொள்கிறார். கிரேக்கர் சொன்னது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்கு இந்தப் பாட்டைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

பேத்தி எழுதிய கடைசிச் சொல் 'குடிப்பவர்கள்'. பாட்டில் இருப்பது குடி. கள் பக்கத்தில் இருந்ததால் குடித்தல் என்று நினைத்துவிட்டாள். குடிகாரரைக் கேலியாகக் 'குடிமகன்' என்று சொல்லிச் சொல்லி நமக்கும் இது பழகிப்போயிற்று. ஆனால் இங்கே குடி என்பது குடும்பம், மக்கள். திருக்குறளில் குடிமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் கள் கிடையாது! குடிப்பாக்கம் என்றால் குடிமக்கள் வாழும் ஊர். பாக்கம் என்பது கடற்கரை ஊருக்கு வழங்கிய பெயர்.

"ஆனா கள்ளு இருக்கத்தானே செய்யுது?" என்றாள் விடாமல்.

இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பாடல்களில் கள் இழிவுக்கு அடையாளமாக வருவதில்லை. அதியமான் இறந்தபோது அவ்வையார் அழுத பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்றுதான் அவர் அரற்றுகிறார். அரசனும் புலவரும் சேர்ந்து அருந்தியது, நாள் முழுக்கக் கடலில் கிடந்து வந்தவனுக்கு மட்டும் எப்படி இழிவாகும்?

அகராதியையும் ஒருமுறை சந்தேகிக்கலாம்

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அகராதிக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உரையாசிரியர்களிடமிருந்து. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது நச்சினார்க்கினியர் உரையோடுதான் அச்சிட்டார். நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டுக்காரர் என்பார்கள். பாட்டுக்கும் அவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அவரும் நம்மைப்போலவே பழைய சொல்லைப் படித்துப் புரிந்துகொள்ள முயன்றவர்தான். ஆனால் நம்மைவிடப் பல மடங்கு அதிகம் படித்தவர்.

அதனால் அகராதி ஒரு பொருளுக்கு மேற்கோளாக நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அதே அடியையே காட்டினால், கொஞ்சம் நில்லுங்கள். அங்கே அகராதி புதிதாகச் சாட்சி சொல்லவில்லை. உரையாசிரியர் சொன்னதை நமக்குத் திருப்பிச் சொல்கிறது. வேறு பாடலிலும் அந்தப் பொருள் நிற்கிறதா என்று சொல்லடைவில் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால், வேறு விதமாகப் படித்தாலும் பாட்டின் செய்தி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்கொண்டியை 'கள்ளாகிய உணவு' என்று படித்தாலும், 'கள்ளைக் கொள்ளுதல்' என்று படித்தாலும், அந்தக் குடிகள் கள் அருந்தினார்கள் என்ற செய்தி மாறவில்லை. யாரும் யாரையும் கொள்ளையடிக்கவும் இல்லை. அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் நம் கற்பனை.

பேத்தி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கேட்டு எழுதினாள். எழுதி முடித்ததைத் தாத்தாவுக்கு வாசித்தாள்:

'விளைந்து முற்றிய உயர்ந்த முத்துகள். சங்கு குளிப்பவர்கள் வாழும் பெரிய குடியிருப்பு. கள்ளை உணவாகக் கொண்ட மக்களின் கடற்கரை ஊர்கள். இவ்வளவும் உள்ள நல்ல கொற்கை.'

பாட்டில் 'நல்ல' என்ற சொல்லும் உண்டு என்று நான் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தைக் காட்டினேன். கொற்கைக்கு முன்னால் 'நற்' என்று நின்றது. இதையும் பிரித்தால்தான் நல் என்று தெரியும். முதல் தடவை படித்தபோது அதைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சங்கு குளிக்கிறவன் இருந்த எடம்னு அப்பவே எழுதியிருக்கானா?" என்று கேட்டார்.

"ஆமாய்யா."

"அந்தச் சொல்லு என்ன சொன்னீங்க?"

"வளை."

வளை, வளை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேத்தி தாளை மடித்துப் பையில் வைத்தாள். விழா அடுத்த வெள்ளிக்கிழமையாம். மேடைக்கு முன்னால் தாத்தாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லப்போகிறாளாம்.